மார்பகத்துக்கு அடியிலும் வயிற்று மடிப்பிலும் வரும் ஈஸ்ட் புண்: எந்த க்ரீம், எப்படி உலர்த்துவது, சர்க்கரையை ஏன் பார்ப்பது

மார்பகத்துக்கு அடியிலோ தொங்கும் வயிற்றின் மடிப்பிலோ சிவந்து, அரித்து, எரிந்து, லேசாக வாடையும் அடிக்கும் புண் வந்தால், மருந்துக்கடையில் பலரும் கேட்பது “அரிப்புக்கு ஒரு க்ரீம் கொடுங்க” என்பதுதான். எந்த இடத்தில், எப்படி இருக்கிறது என்று சொல்லக் கூச்சம். கடைக்காரரும் மூன்று நான்கு மருந்துகள் கலந்த க்ரீம் ஒன்றை எடுத்துக் கொடுத்துவிடுவார். இரண்டு நாளில் அரிப்பு அடங்கும். ஐந்தாம் நாள் ட்யூப் அலமாரிக்குப் போகும். மூன்று நான்கு வாரத்தில் புண் திரும்ப வரும், முன்பைவிடக் கொஞ்சம் பெரிதாக.

இப்படித் திரும்பத் திரும்ப வருவதைத்தான் இந்தக் கட்டுரை எடுத்துக்கொள்கிறது. முதல் தடவை வருகிறவர்களுக்கும் வழி இதேதான்.

இது என்ன புண்

கேண்டிடா என்ற ஈஸ்ட், அதாவது ஒருவகைப் பூஞ்சை, நம் வாயிலும் குடலிலும் எப்போதும் கொஞ்சம் இருக்கும். இருப்பதால் தொல்லை இல்லை. தோலோடு தோல் ஒட்டிக்கொண்டு, காற்றுப் படாமல், வியர்வை காயாமல் கிடக்கும் இடம் கிடைத்தால்தான் அது பெருகும். மடிப்பில் முதலில் நடப்பது உரசல். ஈரத்தில் ஊறிய தோல் மெதுமெதுவென்று ஆகி, உரசலில் மேல் அடுக்கு வழன்று போகும். அந்த வழன்ற தோலில் ஈஸ்ட் குடியேறுகிறது. ஆக, ஈரமும் உரசலும் முன்னால் வருகின்றன, பூஞ்சை அதற்குப் பின்னால் வருகிறது. க்ரீம் பூஞ்சையைத்தான் கொல்லும், ஈரத்தை அது ஒன்றும் செய்யாது. பலருக்கும் புண் திரும்பி வருவது இதனால்தான்.

குளிக்காததால் வருவது என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ள வேண்டாம். ஒரு நாளைக்கு இரண்டு முறை தேய்த்துக் குளித்துவிட்டு, மடிப்பைத் துடைக்காமல் அப்படியே உடுத்துகிறவர்களுக்கும் இது நன்றாகவே வருகிறது.

முதல் வேலை: ஈஸ்ட்தானா என்று பார்ப்பது

நல்ல வெளிச்சத்தில், கண்ணாடி முன் நின்று, மார்பகத்தையோ வயிற்றையோ ஒரு கையால் தூக்கிப் பாருங்கள். வயிற்றடி எட்டவில்லை என்றால் கட்டிலில் படுத்துக்கொண்டு கைப்பேசியில் ஒரு படம் எடுத்துப் பார்க்கலாம். மருத்துவரிடம் போக நேர்ந்தால் அந்தப் படம் உதவும்.

ஈஸ்ட் புண்ணில் மடிப்பின் இரு பக்கமும் சிவந்து பளபளப்பாக, ஈரமாக இருக்கும். மடிப்பின் ஆழத்தில் வெள்ளையாக ஊறிய தோலோ மெல்லிய வெடிப்போ தெரியும். முக்கியமான அடையாளம் ஓரத்தில் இருக்கிறது. பெரிய சிவப்புத் திட்டுக்கு வெளியே, கொஞ்சம் தள்ளி, குண்டூசித் தலை அளவில் சின்னச் சின்ன சிவப்புப் பொட்டுகள் சிதறிக் கிடக்கும். சிலவற்றின் நுனியில் சீழ் போல வெள்ளை தெரியும். இவற்றைத் துணைப் பொட்டுகள் என்று வைத்துக்கொள்வோம். திட்டைச் சுற்றி இவை இருந்தால் ஈஸ்ட் என்று பெரும்பாலும் நம்பலாம். மாநிறத்திலும் கருத்த தோலிலும் சிவப்பு அவ்வளவு எடுப்பாகத் தெரியாது. கரும்பழுப்பாகவோ ஊதா கலந்த நிறமாகவோ இருக்கும். அப்போது நிறத்தைவிட ஈரப் பளபளப்பையும் பொட்டுகளையும் தேடுவது நல்லது.

ஈஸ்ட் அல்லாதவையும் இதே இடத்தில் வரும். துணைப் பொட்டே இல்லாமல் வெறும் சிவப்பும் எரிச்சலும் மட்டும் என்றால் அது வெறும் உரசல் புண்ணாக இருக்கலாம், உலர்த்தினாலே பாதி ஆறிவிடும். ஓரம் மட்டும் தடித்துச் செதில் விட்டு, நடுப்பகுதி தெளிந்து, வளையம் வளையமாகப் பரவினால் அது படர்தாமரை. அரிப்பே பெரிதாக இல்லாமல் பழுப்பு நிறத்தில், மெல்லிய சுருக்கத்தோடு மாதக்கணக்கில் அப்படியே கிடக்கும் திட்டு, எரித்ராஸ்மா என்னும் பாக்டீரியாத் தொற்றாக இருக்கக்கூடும். அதற்கு மருந்து வேறு. கோடு போட்டதுபோல் தெளிவான ஓரத்தோடு, செதிலே இல்லாமல் பளபளவென்று இருந்து, எந்தப் பூஞ்சை க்ரீமுக்கும் அசையாதது மடிப்பில் வரும் சொரியாசிஸாக இருக்கலாம்.

இவை எல்லாவற்றையும் வீட்டில் இருந்தே பிரித்துச் சொல்லிவிட முடியாது. சரியாகப் பூசியும் இரண்டு வாரத்தில் முன்னேற்றம் இல்லையென்றால் இன்னொரு க்ரீமுக்குத் தாவாமல் தோல் மருத்துவரிடம் போய்விடுங்கள். அவர் திட்டின் ஓரத்தை லேசாகச் சுரண்டி, பொட்டாஷ் கரைசல் விட்டு மைக்ராஸ்கோப்பில் பார்ப்பார். பூஞ்சை இருக்கிறதா இல்லையா என்று பெரும்பாலும் அப்போதே தெரிந்துவிடும். ஏற்கெனவே பூஞ்சை க்ரீம் பூசிக்கொண்டே போனால் அதில் ஒன்றும் தெரியாமல் போக வாய்ப்பு உண்டு. அதனால் நேரம் வாங்கும்போதே, வருவதற்கு முன் எத்தனை நாள் க்ரீமை நிறுத்த வேண்டும் என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

எந்த க்ரீமை வாங்குவது

ட்யூபின் முகப்பில் பெரிதாக இருக்கும் வியாபாரப் பெயரை விட்டுவிட்டு, கீழே பொடி எழுத்தில் இருக்கும் மருந்துப் பெயரைப் படியுங்கள். அங்கே ஒரே ஒரு மருந்தின் பெயர் இருப்பதுதான் நமக்கு வேண்டியது.

க்ளோட்ரிமசோல் 1 சதவீதம் அல்லது மைக்கோனசோல் 2 சதவீதம், இந்த இரண்டில் எது கிடைத்தாலும் சரி. காலையும் இரவும் பூச வேண்டும். கீட்டோகோனசோல் 2 சதவீதமும் வேலை செய்யும், அதை வழக்கமாக ஒரு நாளைக்கு ஒரு முறை பூசினால் போதும். இந்த மூன்றும் ஈஸ்ட்டையும் படர்தாமரையையும் சேர்த்தே பார்த்துக்கொள்ளும் என்பதால், எது என்று முழு நிச்சயம் இல்லாதபோதும் பயப்படாமல் தொடங்கலாம். நிஸ்டாட்டின் க்ரீமும் நல்லதுதான். ஆனால் அது ஈஸ்ட்டுக்கு மட்டும்தான் கேட்கும், படர்தாமரைக்குக் கேட்காது. டெர்பினாஃபின் இதற்கு நேர்மாறு. படர்தாமரைக்கு அருமையான மருந்து, ஈஸ்ட்டுக்கு அவ்வளவு வலு போதாது. “என் தங்கைக்கு இது போட்டுத்தான் போச்சு” என்று யாராவது டெர்பினாஃபின் ட்யூபைக் கொடுத்தால், தங்கைக்கு வந்தது படர்தாமரையாக இருந்திருக்கலாம்.

தவிர்க்க வேண்டியது கலப்பு க்ரீம். பூஞ்சை மருந்தோடு க்ளோபெட்டசோல், பீட்டாமெதசோன், பெக்லோமெதசோன் மாதிரி ஒரு பெயரும், பெரும்பாலும் கூடவே ஒரு ஆன்டிபயாட்டிக்கும் சேர்ந்திருக்கும். நான் சொன்ன மூன்று பெயரும் ஸ்டெராய்டுகள். அரிப்பு இரண்டு நாளில் நின்றது இவற்றால்தான். வீக்கத்தையும் அரிப்பையும் ஸ்டெராய்டு அமுக்கிவிடும், கூடவே அந்த இடத்தில் தோலின் எதிர்ப்பையும் அமுக்கிவிடும். பூஞ்சைக்கு அது வசதி. மேலே அமைதியாகத் தெரியும்போது அடியில் பரவும். அதோடு, மடிப்பில் தோல் மெல்லியது, மேலே மூடியும் இருப்பதால் மருந்து வழக்கத்தைவிட அதிகமாக உள்ளே இறங்கும். வாரக்கணக்கில் பூசினால் தோல் காகிதம் போல மெலிந்து, பிரசவ வரிகள் மாதிரி கோடுகள் விழும். அந்தக் கோடுகள் திரும்பப் போகாது.

அரிப்பு தாங்கவே முடியவில்லை என்றால் மருத்துவரே ஹைட்ரோகார்ட்டிசோன் 1 சதவீதம் என்னும் மென்மையான ஸ்டெராய்டைப் பூஞ்சை மருந்தோடு சேர்த்து ஒரு வாரத்துக்குத் தருவதுண்டு. அது வேறு விஷயம், அதில் தவறில்லை. வலுவான ஸ்டெராய்டை மாதக்கணக்கில் பூசி வந்தவர்கள் நிறுத்தியதும் சில நாள் சிவப்பும் எரிச்சலும் கூடுவதைப் பார்ப்பார்கள். புது க்ரீம் ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்துப் பழையதற்கே திரும்பிவிடுவதும் அப்போதுதான். ரொம்ப நாள் பூசியவர்கள் மருத்துவரிடம் சொல்லி, அவர் கண்காணிப்பில் நிறுத்துவதே நல்லது.

வாங்கும்போது க்ரீமா ஆயின்ட்மென்ட்டா என்றும் பாருங்கள். ஆயின்ட்மென்ட் பிசுபிசுப்பாக இருந்து ஈரத்தை உள்ளேயே அடைத்துவிடும். மடிப்புக்கு க்ரீம்தான் தோது.

ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் சாப்பிடுகிறவர்கள் மைக்கோனசோலை எடுக்காமல் க்ளோட்ரிமசோலைக் கேளுங்கள். மைக்கோனசோல் தோலில் பூசினாலும் சிலருக்கு வார்ஃபரினின் வேகத்தைக் கூட்டி, ரத்தக் கசிவுக்கு வழி செய்யும்.

எவ்வளவு, எத்தனை நாள்

ஆள்காட்டி விரலின் நுனியிலிருந்து முதல் மடிப்பு வரை ஒரு கோடு பிதுக்கினால் அது ஏறக்குறைய அரை கிராம். விரல்களோடு சேர்த்து இரண்டு உள்ளங்கை அளவு இடத்துக்கு அது போதும். இரண்டு மார்பகத்தின் அடிப் பகுதிக்கும் சேர்த்துப் பெரும்பாலும் ஒரு விரல் அளவே போதுமானது. பெரிய வயிற்று மடிப்பு என்றால் ஒன்றரை, இரண்டு விரல் தேவைப்படலாம். திட்டின் மேல் மட்டும் பூசாமல், துணைப் பொட்டுகளையும் தாண்டி இரண்டு விரல் அகலம் வெளியே வரை தடவ வேண்டும். பூசி முடித்த பிறகு வெள்ளையாக எதுவும் தெரியக் கூடாது. வெள்ளை நின்றால் அதிகமாகப் பூசிவிட்டீர்கள் என்று அர்த்தம், அந்த மிச்சமும் ஈரம்தான்.

காலை அரை கிராம், இரவு அரை கிராம் என்றால் 15 கிராம் ட்யூப் இரண்டு வாரத்துக்கு வரும். உங்கள் ட்யூப் நான்கே நாளில் காலியானால் அப்பிக்கொண்டிருக்கிறீர்கள். மூன்று வாரம் ஆகியும் பாதி இருந்தால் வேளை தப்பிக்கொண்டிருக்கிறது.

பெரும்பாலும் இரண்டிலிருந்து நான்கு வாரம் பூச வேண்டி வரும். கண்ணுக்குப் புண் மறைந்த பிறகும் ஒரு வாரம் சேர்த்துப் பூசுங்கள். எப்போது மறைந்தது என்று சொல்வதில்தான் குழப்பம் வரும். அரிப்பு போய், ஈரம் போய், பொட்டுகள் போய், தோல் தட்டையாகி வழவழப்பாக இருந்தால் புண் ஆறிவிட்டது. அங்கே பழுப்பு நிறம் மட்டும் தங்கியிருக்கும். அது தொற்று இல்லை, ஆறின தோலின் தழும்பு நிறம். வாரங்கள், சிலருக்கு மாதங்கள் கூட ஆகும் மறைய. அந்த நிறத்தைப் பார்த்து க்ரீமை விடாமல் பூசிக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

உலர வைப்பது

நேரம் ஒதுக்க வேண்டியது இதற்குத்தான். ஒரு தடவைக்குப் பத்து நிமிடம் ஆகும்.

மிதமான சோப்பால் கையாலேயே கழுவுங்கள். நார், ஸ்க்ரப், கிருமிநாசினித் திரவம் எதுவும் வேண்டாம். வழன்ற தோலை அவை இன்னும் வழற்றும். சோப்பு துளியும் தங்காமல் நீர் விட்டு அலசுங்கள். மெல்லிய பருத்தித் துண்டால் ஒற்றி எடுங்கள், தேய்க்காதீர்கள். மடிப்பைத் தூக்கிப் பிடித்து அடி ஆழம் வரை ஒற்ற வேண்டும். பலரும் மேலே மட்டும் ஒற்றிவிட்டு விடுகிறார்கள். இந்தத் துண்டை முகம் துடைக்கும் துண்டோடு சேர்க்காமல் தனியாக வைத்து, தினமும் துவைத்துக் காய வையுங்கள்.

துண்டு எடுத்த பிறகும் தோலில் கொஞ்சம் ஈரம் நிற்கும். ஹேர் ட்ரையரைச் சூடில்லாத குளிர்க் காற்றில் வைத்து ஒரு சாண் தள்ளிப் பிடித்து ஓரிரு நிமிடம் காட்டினால் அதுவும் போய்விடும். சூட்டில் வைக்கவே கூடாது. சர்க்கரை நோயால் தோலில் உணர்வு மழுங்கியவர்களுக்குச் சுட்டது தெரியாமலே கொப்புளம் போட்டுவிடும். ட்ரையர் இல்லையென்றால் மல்லாந்து படுத்து, வயிற்றைக் கையால் மேலே தூக்கிப் பிடித்து, மின்விசிறிக் காற்றில் ஐந்து பத்து நிமிடம் விட்டாலும் அதே பலன். மார்பகத்துக்கு என்றால் கையைத் தலைக்கு மேல் வைத்துப் படுத்தாலே மடிப்பு ஓரளவு பிரியும்.

நன்றாக உலர்ந்த பிறகுதான் க்ரீம். அதன் பிறகு இரண்டு மூன்று நிமிடம் விட்டு, மடிப்புக்குள் ஒரு துணி. பழைய, பல முறை துவைத்து மெத்தென்று ஆன பருத்தித் துணியை ஒரே அடுக்காக நீளப் பட்டையாகக் கிழித்துக்கொள்ளுங்கள். தோலும் தோலும் தொடாதபடி அதை மடிப்பின் ஆழம் வரை வைத்து, ஓரம் மடிப்புக்கு வெளியே ஒரு மூன்று விரல் அகலம் நீட்டிக்கொண்டிருக்கும்படி விடுங்கள். விளக்குத் திரி எண்ணெயை இழுப்பதுபோல உள்ளே ஊறும் வியர்வையைத் துணி வெளியே இழுத்து, நீட்டிய ஓரத்தில் காய விடும். ஓரம் முழுதும் உள்ளேயே அடங்கிவிட்டால் அது காயாது, ஈரத் துணியைக் கட்டிவைத்த கதைதான். தொட்டுப் பார்த்து நனைந்திருந்தால் மாற்றுங்கள். அதிகம் வியர்க்கிறவர்கள் ஒரு நாளைக்கு மூன்று நான்கு பட்டை மாற்ற வேண்டியிருக்கும். டிஷ்யூ காகிதம் வைக்காதீர்கள், நனைந்து துண்டு துண்டாகி உள்ளே ஒட்டும்.

இதற்கென்றே ஈரத்தை இழுக்கும், வெள்ளி சேர்த்த துணியும் விற்கிறது. நன்றாக வேலை செய்யும். ஆனால் அதை வைக்கும்போது அடியில் க்ரீமும் பவுடரும் தடிமனாக இருக்கக் கூடாது. இருந்தால் துணிக்கு ஈரம் எட்டாது.

பவுடரைப் பற்றிப் பலரும் கேட்பார்கள். புண் கசியும்போது முகப் பவுடரோ டால்க்கோ போட்டால், ஈரத்தோடு சேர்ந்து உருண்டை உருண்டையாகி மணல் மாதிரி உரசும். புண் ஆறிய பிறகு, உலர்ந்த தோலில், மைக்கோனசோல் அல்லது நிஸ்டாட்டின் சேர்ந்த மருந்துப் பவுடரைக் கொஞ்சமாகத் தூவினால் திரும்பி வராமல் தடுக்க உதவும். அடிக்கடி உரசும் இடத்துக்குப் புண் ஆறியதும் துத்தநாக ஆக்சைடு க்ரீமை மெல்லப் பூசுவதும் உண்டு, தோலுக்கு அது ஒரு திரை. ஆனால் புண் இருக்கும்போது முதலில் அதைப் பூசிவிட்டு மேலே பூஞ்சை க்ரீம் பூசினால் மருந்து தோலைத் தொடாது.

பிராவைப் பற்றி ஒரு வார்த்தை. தளர்வாக இருந்தால் காற்றுப் படும் என்று நினைத்து அளவு பெரியதாகப் போடுகிறார்கள். அப்போது மார்பகம் தாழ்ந்து, மடிப்பு இன்னும் இறுக ஒட்டிக்கொள்ளும். மார்பகத்தைத் தூக்கிப் பிடிக்கிற, அடிப் பட்டை தோலில் பதியாத, பருத்தி உள்ள பிராதான் சரி. கம்பி வைத்ததைப் புண் ஆறும் வரை விட்டுவிடலாம். வியர்வையில் நனைந்தால் இரவு வரை காத்திருக்காமல் மாற்றிவிடுங்கள். வீட்டில் பிரா போடாமல் துணிப் பட்டை மட்டும் வைத்துக்கொள்வதும் நல்ல வழிதான்.

ஒரு உதாரணம்

53 வயதுப் பெண் ஒருவரை எடுத்துக்கொள்வோம். கொஞ்சம் பருமன், இரண்டு மார்பகத்தின் அடியிலும் புண், வலப் பக்கம் அதிகம். எட்டு மாதத்தில் இது மூன்றாவது தடவை. ஒவ்வொரு தடவையும் கலப்பு க்ரீம், ஐந்தாறு நாள், அவ்வளவுதான். மருத்துவர் பார்த்தபோது துணைப் பொட்டுகள் தெளிவாகத் தெரிந்தன. தோல் மெலியவில்லை, கோடுகளும் இல்லை.

கலப்பு க்ரீமை அன்றே நிறுத்திவிட்டு, க்ளோட்ரிமசோல் 1 சதவீதம் காலையும் இரவும். கழுவி, ஒற்றி, குளிர்க் காற்றுக் காட்டி, பூசி, துணிப் பட்டை. நண்பகலில் கழுவாமல் பட்டையை மட்டும் மாற்றுவது. முதல் மூன்று நாள் அவருக்குப் பெரிதாக மாற்றம் தெரியவில்லை, ஸ்டெராய்டு இல்லாததால் அரிப்பு முன்பு போல மளமளவென்று நிற்கவில்லை. நிறையப் பேர் கைவிடுவது இந்த இடத்தில்தான். ஐந்தாம் நாளுக்குள் எரிச்சல் குறைந்தது. ஒரு வாரம் முடிந்தபோது வெளியே சிதறிய பொட்டுகள் வாடியிருந்தன, ஊறின வெள்ளை போய்விட்டது. இரண்டாம் வார முடிவில் தோல் தட்டையாகிப் பழுப்பு நிறம் மட்டும். அதற்குப் பிறகும் ஒரு வாரம் பூசி, மூன்றாம் வார முடிவில் நிறுத்தினார். துணிப் பட்டையை மட்டும் நிறுத்தவில்லை.

மூன்றாவது தடவை என்பதால் மருத்துவர் ரத்தப் பரிசோதனையும் எழுதினார். வெறும் வயிற்றுச் சர்க்கரை 148, மூன்று மாதச் சராசரி காட்டும் எச்பிஏ1சி 7.9 சதவீதம். இரவில் இரண்டு மூன்று முறை சிறுநீர் கழிக்க எழுந்துகொண்டிருந்தார். வயசு ஆகிறது என்று விட்டிருந்தார்.

சர்க்கரைக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்

ரத்தத்தில் சர்க்கரை கூடினால் வியர்வையிலும் தோலின் ஈரத்திலும் அது கூடும், ஈஸ்ட்டுக்கு அது தீனி. கிருமியைத் தேடிப் பிடித்து அழிக்கும் வெள்ளை அணுக்களும் சர்க்கரை அதிகமாக இருக்கும்போது மந்தமாகிவிடும். பருமனும் சர்க்கரை நோயும் பலருக்குச் சேர்ந்தே வருவதால் மடிப்பும் ஆழமாக இருக்கும். மூன்றும் ஒரே இடத்தில் கூடுகின்றன. இதனால், சர்க்கரை இருப்பதே தெரியாத ஒருவருக்கு முதலில் தெரியும் அடையாளமாகவே இந்தப் புண் அமைவதுண்டு.

எல்லோருக்கும் அப்படி என்று இல்லை. வெயில் காலத்தில் ஒரே ஒரு முறை வந்து போனால் அதற்காகக் கவலைப்பட வேண்டாம். ஆனால் சரியாக வைத்தியம் செய்தும் திரும்பத் திரும்ப வந்தாலோ, வழக்கத்தைவிடப் பெரிதாகப் பரவினாலோ, பிறப்புறுப்பிலும் அடிக்கடி ஈஸ்ட் தொற்று வந்தாலோ, தாகமும் இரவுச் சிறுநீரும் கூடியிருந்தாலோ பரிசோதித்துவிடுங்கள். வெறும் வயிற்றில் டெசிலிட்டருக்கு 126 மில்லிகிராம் அல்லது அதற்கு மேல், எச்பிஏ1சி 6.5 சதவீதம் அல்லது அதற்கு மேல் என்றால் சர்க்கரை நோய். ஒரு சோதனை மட்டும் கூடியிருந்தால் இன்னொரு முறை எடுத்து உறுதி செய்வார்கள். மேலே சொன்ன பெண்ணுக்கு இரண்டுமே எல்லையைத் தாண்டியதால் அதற்குத் தேவை இருக்கவில்லை. 100 முதல் 125 வரை, அல்லது 5.7 முதல் 6.4 சதவீதம் வரை என்றால் எல்லைக்கோட்டில் நிற்கிறீர்கள். ரத்தசோகை உள்ளவர்களுக்கு எச்பிஏ1சி சில சமயம் ஏமாற்றும், அதை மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

ஏற்கெனவே சர்க்கரைக்கு மருந்து சாப்பிடுகிறவர்கள் கவனிக்க வேண்டியவை சில உண்டு. டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் போன்ற மாத்திரைகள் சர்க்கரையைச் சிறுநீர் வழியாக வெளியேற்றுகின்றன. அதனால் பிறப்புறுப்பில் ஈஸ்ட் தொற்று கூடும், பக்கத்தில் உள்ள தொடை மடிப்புக்கும் அது பரவலாம். மாத்திரையை நீங்களாக நிறுத்த வேண்டாம், இதயத்துக்கும் சிறுநீரகத்துக்கும் சேர்த்து அதைக் கொடுத்திருப்பார்கள். புண் வருவதை மட்டும் சொல்லுங்கள். வயிற்றில் இன்சுலின் போடுகிறவர்கள் புண் உள்ள தோலைத் தவிர்த்துத் தள்ளிப் போடுங்கள்.

க்ரீமுக்கு அடங்காத, பெரிதாகப் பரவிய புண்ணுக்கு மருத்துவர் ஃப்ளூகோனசோல் மாத்திரையை வாரம் ஒரு முறை என்று சில வாரம் தருவதுண்டு. க்ளிமெபிரைடு, க்ளிபிசைடு வகைச் சர்க்கரை மாத்திரையோடு அது சேரும்போது சர்க்கரை திடீரென்று இறங்கிவிடலாம். என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று முழுப் பட்டியலும் அவர் கையில் இருக்க வேண்டும். கர்ப்பமாக இருக்கிறவர்கள் ஃப்ளூகோனசோலை மருத்துவரைக் கேட்காமல் தொடவே கூடாது.

சர்க்கரை கட்டுக்குள் வந்தால் புண் வருவது குறையும். ஆனால் அதற்கு வாரங்கள் ஆகும். அதுவரை துணிப் பட்டையையும் உலர்த்துவதையும் விட முடியாது.

வீட்டு வைத்தியத்தை நிறுத்திவிட்டு ஓட வேண்டியது எப்போது

காய்ச்சல் வந்தால், சிவப்பு மடிப்பைத் தாண்டி மணிக்கணக்கில் விரிந்தால், தொட்டால் சூடாகவும் கல் மாதிரி விறைப்பாகவும் இருந்தால், சீழ் வடிந்தால், பச்சை நிறக் கசிவும் கெட்ட நாற்றமும் வந்தால் பாக்டீரியா சேர்ந்துவிட்டது, அன்றே மருத்துவரைப் பாருங்கள். பார்ப்பதற்குப் புண் சிறிதாக இருந்தும் வலி பொறுக்க முடியாமல் இருப்பது, தோல் கருத்துப்போவது, அமுக்கினால் நறநறவென்று உணர்வது, இவை அவசரச் சிகிச்சைக்கான அறிகுறிகள். யாருமே, முக்கியமாகச் சர்க்கரை உள்ளவர்கள், காலை வரை கூடக் காத்திருக்கக் கூடாது.

இன்னொன்று, மடிப்பில் இல்லாமல் மார்பகத்தின் மேல் தோலே ஒரு பக்கம் மட்டும் சிவந்து, தடித்து, ஆரஞ்சுத் தோல் மாதிரி குழி குழியாகத் தெரிந்தாலோ, முலைக்காம்பில் ஆறாத செதில் புண் இருந்தாலோ அது இந்தக் கட்டுரையின் புண் இல்லை. க்ரீம் எதுவும் போட்டுப் பார்த்து நாள் கடத்தாமல் மார்பகப் பரிசோதனைக்குப் போங்கள்.